மருந்துக்கடையில் காலாவதி: சரக்குச் சுழற்சி பற்றிய சில நம்பிக்கைகள்

சில்லறை மருந்துக்கடையின் சரக்கை இரண்டு எண்களால் கண்காணிக்கலாம். முதலாவது சரக்குச் சுழற்சி. ஓர் ஆண்டில் விற்ற சரக்கின் கொள்முதல் விலையை, கடையில் சராசரியாக இருந்த சரக்கின் கொள்முதல் விலையால் வகுத்தால் இது கிடைக்கும். இரண்டாவது மறுகொள்முதல் அளவு, அதாவது இருப்பு எவ்வளவுக்குக் குறைந்தால் அடுத்த ஆர்டர் போட வேண்டும் என்ற எல்லை. இரண்டையும் கணக்கிடும் மென்பொருள் இன்று சிறிய ஊர்க் கடைகளிலும் இருக்கிறது. இருந்தும் மாதக்கடைசியில் காலாவதிப் பெட்டி நிரம்புகிறது. அந்த எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்வதில்லை என்பதில் நிலவும் சில நம்பிக்கைகள் இதற்குப் பெரும் காரணம்.

நம்பிக்கை: கடையின் சுழற்சி நன்றாக இருந்தால் சரக்கு காலாவதியாகாது

ஆண்டுக்கு 60 லட்சம் ரூபாய் கொள்முதல் மதிப்புள்ள மருந்தை விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். சராசரி இருப்பு 7.5 லட்சம் என்றால் சுழற்சி 8. சராசரியாக 45 நாள் விற்பனைக்கான சரக்கு கையில் இருக்கிறது. மருந்துகளின் ஆயுள் பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுகள் என்பதால் இந்தக் கணக்கில் கவலைப்பட எதுவும் தெரியாது.

அதே சரக்கைப் பிரித்துப் பார்த்தால் படம் மாறும். சர்க்கரை, இரத்த அழுத்தம், வயிற்றுப் புண் போன்றவற்றுக்கான வழக்கமான மாத்திரைகள் 3 லட்சம் இருப்பை வைத்துக்கொண்டு 48 லட்சத்துக்கு விற்கின்றன. அவற்றின் சுழற்சி 16. அடுத்த 2.5 லட்சம் இருப்பு 11.6 லட்சத்துக்கு விற்கிறது. மீதமிருக்கும் 2 லட்சம் இருப்பு ஆண்டு முழுவதும் 40 ஆயிரத்துக்குத்தான் விற்கிறது. அதன் சுழற்சி 0.2, அதாவது முழுவதும் விற்றுத் தீர ஐந்து ஆண்டுகள் வேண்டும். காலாவதிப் பெட்டிக்குள் போகப்போவது பெரும்பாலும் இந்த 2 லட்சம்தான். 8 என்ற சராசரி அதை மூடி மறைத்துவிட்டது.

எனவே சுழற்சியைக் கடை முழுவதற்கும் ஒரே எண்ணாகப் பார்ப்பதில் பயன் குறைவு. மருந்து வாரியாகக் கணக்கிட்டு, குறைந்த எண்ணிலிருந்து வரிசைப்படுத்தினால் முதல் ஐம்பது பெயர்களில் விஷயம் தெரிந்துவிடும். கணக்குப் போடும்போது இரண்டு இடங்களில் தவறு நேர்கிறது. விற்பனையை எம்.ஆர்.பி.யிலும் இருப்பைக் கொள்முதல் விலையிலும் எடுத்தால் சுழற்சி உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். மேலே சொன்ன கடையில் லாபம் எம்.ஆர்.பி.யில் 20 சதவீதம் என்றால் விற்பனை 75 லட்சம், சுழற்சி 10 என்று வரும். மார்ச் 31 இருப்பை மட்டும் சராசரியாகக் கொள்வதும் அப்படித்தான். ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாளில் கடை வழக்கத்தைவிடக் காலியாக இருப்பதே இயல்பு. பன்னிரண்டு மாதக்கடைசி இருப்புகளின் சராசரி உண்மைக்கு நெருக்கமானது.

நம்பிக்கை: எல்லா மருந்துக்கும் குறைந்தபட்சம் 10 என்று வைத்தால் போதும்

மறுகொள்முதல் அளவுக்கான கணக்கு எளிது. ஆர்டர் போட்டுச் சரக்கு வந்து சேரும் நாட்களில் எவ்வளவு விற்குமோ அவ்வளவு, அதனுடன் எதிர்பாராத விற்பனைக்கும் தாமதத்துக்கும் கொஞ்சம் காப்பு இருப்பு. மெட்ஃபார்மின் 500 மாதம் 180 அட்டை விற்கிறது என்றால் நாளுக்கு 6. ஸ்டாக்கிஸ்ட் இரண்டு நாளில் அனுப்பிவிடுவார் என்றால் 12 அட்டை வேண்டும். மிக அதிகமாக விற்ற நாளில் 11 அட்டை போயிருக்கிறது, மிகத் தாமதமாக வந்த சரக்கு மூன்று நாள் எடுத்திருக்கிறது. அந்த மோசமான நிலைக்குத் தேவை 33. ஆகவே காப்பு இருப்பு 21, மறுகொள்முதல் அளவு 33. ஆர்டர் போட்டு இன்னும் வராத சரக்கையும் இருப்போடு சேர்த்தே இந்த 33-ஐ ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஆர்டர் இரண்டு முறை போய்விடும்.

இந்தக் கணக்கில் வரும் 6 என்ற எண்ணும் ஏமாற்றக்கூடியது. ஒரு மருந்து மாதத்தில் 90 அட்டை விற்று, 12 நாள் கடையில் இல்லாமல் இருந்திருந்தால் நாள் விற்பனை 3 அல்ல. இருப்பு இருந்த 18 நாட்களால் வகுத்தால் 5 வரும். பில் போடாத கேள்வி கணினிக்குத் தெரியாது. அதனால்தான் பழைய கடைக்காரர்கள் கேட்டு இல்லாமல் போன மருந்தை ஷார்ட் புக்கில் எழுதிவைக்கும் வழக்கத்தை விடவில்லை.

காலாவதியைப் பொறுத்தவரை மெட்ஃபார்மினால் பிரச்சினை இல்லை. 33-க்குப் பதில் 300 அட்டை வைத்தாலும் பணம் முடங்குமே தவிர மருந்து வீணாகாது, இரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும். சிக்கல் மறுமுனையில் இருக்கிறது. கண்ணில் பூஞ்சைத் தொற்றுக்குப் போடும் நாட்டமைசின் சொட்டு மருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு சீட்டில் வருகிறது, ஒவ்வொரு முறையும் இரண்டு பாட்டில் போகிறது என்று கொள்வோம். அதாவது மாதத்துக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் 10 என்ற விதிப்படி, இருப்பு 10-ஐத் தொட்டதும் இன்னொரு 10 ஆர்டராகும். கையில் 20 பாட்டில், அதாவது 20 மாத விற்பனை. அவை எல்லாவற்றுக்குமே இன்னும் 14 மாத ஆயுள் இருக்கிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 6 பாட்டில் வீண்.

இத்தகைய மருந்துக்கு நாள் விற்பனைச் சூத்திரம் பொருந்தாது. இரண்டு நாளுக்கான தேவை 0.07 பாட்டில் என்று விடை வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இங்கே அளவுகோல் ஒரு சீட்டு. ஒரு சீட்டுக்கு வேண்டிய இரண்டு பாட்டிலை வைத்துக்கொண்டு, அவை போனதும் இரண்டு வாங்கினால் போதும். அந்த இரண்டு நாள் இடைவெளியில் இன்னொரு சீட்டு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. வந்தால் பக்கத்துக் கடையைக் காட்டுவது, ஆறு பாட்டிலைக் குப்பையில் போடுவதைவிட மலிவு. உயிர்காக்கும் அவசர மருந்துகளுக்கு மட்டும் இந்தக் கணக்கைத் தளர்த்தலாம். அங்கே காலாவதி நஷ்டத்தை ஏற்றுக்கொண்டே வைக்க வேண்டியிருக்கும்.

ஒரே மருந்தின் ஐந்து பிராண்டுகளை வைத்திருப்பவர்கள் அவற்றை ஒரே கணக்கில் சேர்த்துவிட்டால் இருப்பைப் பாதியாக்கலாம் என்ற யோசனையும் அடிக்கடி வரும். கணக்கு சரி, சட்டம் இடம் கொடுக்காது. இந்தியாவின் 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி, அட்டவணை எச் மருந்துக்கான சீட்டில் எழுதிய தயாரிப்புக்குப் பதிலாக, அதே மூலப்பொருள் உள்ளதானாலும், வேறொன்றைக் கடைக்காரர் தாமாகக் கொடுக்கக் கூடாது. ஆகவே எதிரில் இருக்கும் டாக்டர் எந்த பிராண்டை எழுதுவதை நிறுத்தினார் என்பதைக் கவனிப்பதுதான் வழி. மூன்று வாரம் சீட்டு வராத பிராண்டின் மறுகொள்முதல் அளவை அப்போதே பூஜ்யமாக்கிவிட வேண்டும். மழைக்கால இருமல் மருந்துக்கும் இதே விதி. அக்டோபரில் உயர்த்திய அளவை மழை ஓயும் முன்பே இறக்காவிட்டால், கடைசி ஆர்டர் கோடைக்கு மிஞ்சும்.

நம்பிக்கை: ஸ்கீமில் வரும் இலவசம் முழுக்க லாபம்

மறுகொள்முதல் அளவு எப்போது வாங்குவது என்பதைத்தான் சொல்லும். எவ்வளவு வாங்குவது என்பதை நடைமுறையில் முடிவு செய்வது பல சமயம் கம்பெனி ரெப் கொண்டுவரும் ஸ்கீம். இரும்புச்சத்து டானிக் ஒன்றின் கொள்முதல் விலை 60 ரூபாய், மாதம் 4 பாட்டில் விற்கிறது, காலாவதிக்கு 12 மாதம் இருக்கிறது. 50 வாங்கினால் 10 இலவசம். கொடுக்கும் பணம் 3,000 ரூபாய், வருவது 60 பாட்டில், ஒன்றுக்கு 50 ரூபாய்தான் ஆகிறது.

வாங்கிச் செல்பவர் குடித்து முடிக்கவும் ஒரு மாதம் வேண்டும் என்பதால், விற்கக்கூடிய காலம் 11 மாதம். அதற்குள் போவது 44 பாட்டில். 16 மிச்சம். 3,000 ரூபாயை 44-ஆல் வகுத்தால் ஒரு பாட்டில் 68 ரூபாய். இலவசம் இல்லாமல் மாதாமாதம் நான்கு வாங்கியவர் 60 ரூபாய்க்கே வாங்கியிருப்பார். ஸ்கீம் நஷ்டமில்லாமல் முடிய 50 பாட்டிலாவது விற்றாக வேண்டும். விற்காது என்பது வாங்கும் முன்பே இரண்டு வரிக் கணக்கில் தெரியும்.

இதிலிருந்து வருவதுதான் உச்சவரம்பு: மாத விற்பனையை விற்கக்கூடிய மாதங்களால் பெருக்கி, கையிருப்பைக் கழித்தால் கிடைப்பதற்கு மேல் எந்தச் சலுகைக்காகவும் வாங்கக் கூடாது. காலாவதி உண்மையில் இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது. பதினோரு மாதம் கழித்து ரேக்கைச் சோதிப்பவர் அதைக் கண்டுபிடிக்க மட்டுமே முடியும்.

நம்பிக்கை: காலாவதியானதைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும்

எடுத்துக்கொள்ளும், நிபந்தனையோடு. காலாவதிக்குப் பின் குறிப்பிட்ட கெடுவுக்குள் திருப்ப வேண்டும், அந்தக் கெடு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வெட்டிய அட்டைகளைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆயுள் குறைவு என்று தள்ளுபடியில் வாங்கிய சரக்கையும் அப்படியே. ஏற்றாலும் ரொக்கம் வராது, பின்னொரு பில்லில் கழிவாக வரும். சில்லறையாக ஐந்து மாத்திரை கேட்பவர்களுக்கு வெட்டிக்கொடுத்தே வியாபாரம் நடக்கும் கடையில், காலாவதியாகும் மெதுவான சரக்கில் கணிசமான பகுதி வெட்டிய அட்டையாகத்தான் இருக்கும்.

நம்பிக்கை: பேட்ச் விவரம் கணினியில் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும்

முதலில் வந்ததை முதலில் விற்பது மருந்துக்குப் போதாது. பிறகு வந்த பேட்ச் சில சமயம் முன்னதாகவே காலாவதியாகும். முதலில் காலாவதியாவதே முதலில் போக வேண்டும். மென்பொருள் இதைச் சரியாகவே செய்து, பில்லில் பழைய பேட்சை எழுதிவிடும். ஆனால் ரேக்கிலிருந்து எடுக்கும் கை முன்னால் இருக்கும் புதிய அட்டையை எடுக்கிறது. சில மாதங்களில் பழைய பேட்ச் கணினியில் விற்றுத் தீர்ந்ததாகவும், ரேக்கின் பின்வரிசையில் முழுசாகவும் இருக்கும். மொத்த எண்ணிக்கை சரியாக இருப்பதால் சரக்கு எண்ணும்போது பிடிபடாது, காலாவதி அறிக்கையிலும் வராது. பத்து மருந்தை எடுத்து எண்ணிக்கையை விட்டுவிட்டு பேட்ச் எண்ணை மட்டும் கணினியோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பரவியிருக்கிறது என்று தெரிந்துவிடும். புதிய சரக்கைப் பின்னால் அடுக்குவதும், பில் போடும்போது கையில் இருக்கும் அட்டையின் பேட்சைப் பார்த்துத் தேர்வு செய்வதும்தான் மாற்று. அட்டையை வெட்டும்போது பேட்ச் எண்ணும் தேதியும் அச்சான முனை கடையிலேயே தங்கும்படி எதிர்முனையிலிருந்து வெட்ட வேண்டும்.

அட்டையில் மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள் வரை மருந்து செல்லும். அதன்பின் விற்பனைச் சரக்கோடு வைக்கக் கூடாது. திருப்பி அனுப்பக் காத்திருக்கும் மருந்துகளைத் தனியாக, மேலே ‘விற்பனைக்கு அல்ல’ என்று தெளிவாக எழுதிய பெட்டியில் வைக்க மட்டுமே விதிகள் அனுமதிக்கின்றன.