முதல்வருக்கு மானிட்டர் கேட்டு ஒரு கடிதம்

எங்கள் கல்லூரி இருப்பது விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில். ஆய்வகத்தில் 60 மானிட்டர்கள், எல்லாமே 17 அங்குலப் பழைய எல்சிடி. 'பழசாகிவிட்டன, மாற்றித் தரவும்' என்று மட்டும் எழுதினால் முதல்வர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும்: "எரியுதுல்ல சார்?" அதனால் ஒவ்வொன்றையும் சோதித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

படம் வந்து இரண்டு நொடியில் இருண்டுவிடும் மானிட்டரில் கைபேசி டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். டெஸ்க்டாப் மங்கலாகத் தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது. அதன் பின்னாலுள்ள விளக்குக் குழாயோ, அதற்கு மின்சாரம் தரும் இன்வெர்ட்டரோதான் போய்விட்டது. பவர் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்து, திரை எரியத் தாமதமானால் பெரும்பாலும் பவர் போர்டில் கெப்பாசிட்டர் உப்பியிருக்கும். அதை மாற்றச் சொற்பச் செலவுதான். அப்படி 9 தேறின. அவற்றைப் பழுதுபார்க்க மட்டும் அனுமதி கேட்டேன். இதை முதலில் எழுதியதால்தான், புதிதாகக் கேட்ட 24 மானிட்டர்களை முதல்வர் சந்தேகிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அந்த 24-இலும் விளக்குக் குழாய் தேய்ந்து, வெள்ளைத் திரையே மஞ்சளடித்திருந்தது. நிரல் எழுதுகிறவருக்கு இது பெரிதில்லை. ஆனால் எங்கள் பிள்ளைகளில் பலர் சிவகாசி அச்சகங்களில் டிடிபி வேலைக்குப் போகிறவர்கள். மஞ்சள் திரையில் காலண்டர் டிசைன் பழகுகிறவர், திரைக்கு ஏற்ப மஞ்சளைக் குறைப்பார்; அச்சில் படம் நீலம் பாய்ந்து வரும். நல்ல திரையையும் மஞ்சளானதையும் அருகருகே வைத்து, ஒரே படத்தைத் திறந்து போட்டோ எடுத்து இணைத்தேன்.

மின்சார மிச்சத்தை முக்கியக் காரணமாக எழுதாதீர்கள். ஒன்றுக்கு 20 வாட் குறைந்தாலும், 24 மானிட்டர், தினம் 6 மணி நேரம், 200 நாள் என்றால் 576 யூனிட்தான். அந்தப் பணத்தில் ஒரு மானிட்டர் வந்தாலே பெரிது. கணக்குத் தெரிந்த முதல்வரிடம் இது நம் கடிதத்தையே பலவீனமாக்கும்.

விலைப்புள்ளி வாங்குமுன் சிபியு-வின் பின்பக்கத்தைப் பாருங்கள். எங்களுடையவற்றில் விஜிஏ மட்டுமே உண்டு. மலிவு மானிட்டர்கள் சிலவற்றில் எச்டிஎம்ஐ மட்டும் வரும். பிறகு கன்வர்ட்டருக்குத் தனிச் செலவு. 'விஜிஏ, எச்டிஎம்ஐ இரண்டும் வேண்டும், கேபிளோடு' என்று மூன்று கடைக்காரர்களிடமும் ஒரே மாதிரி கேட்டால்தான் ஒப்பீட்டுப் பட்டியல் நிற்கும். 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்த விலையையே கடிதத்தில் எழுதினேன்.

கடைசிப் பத்தி பழையவற்றுக்கு. அந்த விளக்குக் குழாய்களில் பாதரசம் இருக்கிறது, காயலான் கடைக்குப் போடக் கூடாது. மின்கழிவு விதிகள் 2022-இன்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்து ரசீது வாங்குவதாக எழுதி, ஸ்டாக் ரிஜிஸ்டர் பக்க எண்ணையும் குறித்தேன். ஆடிட்டில் 24 மானிட்டர் எங்கே போயின என்று கேட்டால் காட்ட வேண்டியது அந்த ரசீதைத்தான்.