ஒரு கேஜா, இரண்டா, நான்கா?

30 மில்லிமீட்டர் அகலமும் 5 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஒரு இரும்புப் பட்டையின் ஒரு முனையை வைஸில் இறுக்கி, மறுமுனையில் 10 கிலோ எடையைத் தொங்கவிடுகிறோம். எடையிலிருந்து 13 செ.மீ. தள்ளி, பட்டையின் மேல்பரப்பில் ஒரு ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டியிருக்கிறது. எடையால் பட்டை வளையும்போது மேல்பரப்பு நீள்கிறது. ஆனால் ஒரு மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் என்ற அளவில்தான். கேஜில் இருக்கும் மெல்லிய உலோக இழையும் சேர்ந்து நீள்வதால் அதன் மின்தடை கூடுகிறது. 350 ஓம் கேஜ் 350.35 ஓம் ஆகும்.

சாதாரண மல்டிமீட்டரில் 350 என்ற எண் அசையவே அசையாது. அதனால்தான் கேஜை வீட்ஸ்டன் பிரிட்ஜில் வைக்கிறோம். இரண்டிரண்டு தடைகள் தொடராக உள்ள இரண்டு கிளைகளுக்கும் ஒரே 5 வோல்ட் கொடுத்தால், இரண்டின் நடுப்புள்ளியிலும் 2.5 வோல்ட் இருக்கும், வித்தியாசம் பூஜ்யம். ஒரு தடை மட்டும் 0.35 ஓம் கூடினால் அந்தப் பக்கம் 1.25 மில்லிவோல்ட் நகரும். பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால் அந்தச் சிறு நகர்வை எத்தனை மடங்கு வேண்டுமானாலும் பெருக்கிப் பார்க்கலாம்.

இனி, பிரிட்ஜின் நான்கு கைகளில் எத்தனையைக் கேஜ் ஆக்குவது? ஒன்று என்றால் குவார்ட்டர் பிரிட்ஜ், 1.25 மில்லிவோல்ட். இரண்டு என்றால் ஹாஃப் பிரிட்ஜ், 2.5. நான்கும் என்றால் ஃபுல் பிரிட்ஜ், 5. பலரும் இந்த எண்களை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். இன்றைய ஆம்ப்ளிஃபயர்களுக்கு 1.25 மில்லிவோல்ட் ஒரு பொருட்டே இல்லை. பார்க்க வேண்டியது வெப்பத்தையும் ஒயரையும்.

குவார்ட்டர் பிரிட்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். கேஜிலிருந்து பெட்டிக்கு 5 மீட்டர் தூரம், போக ஒன்று வர ஒன்று என இரண்டு மெல்லிய செம்பு ஒயர்கள், மொத்தம் சுமார் 1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். வெயிலில் ஒயர் 10 டிகிரி சூடேறினால் செம்பின் தடை ஏறத்தாழ 4 சதவீதம், அதாவது 0.04 ஓம் கூடும். எடையால் வந்த மாற்றமே 0.35 ஓம்தான். எடையைத் தொடாமலே, வெயில் ஒரு கிலோவுக்கு மேல் கூட்டிக் காட்டிவிடும்! இதற்கு மருந்து மூன்றாவது ஒயர். கேஜின் ஒரு முனையிலிருந்து இரண்டு ஒயர்கள் எடுத்தால், மின்னோட்டம் போகும் ஒயர்களில் ஒன்று கேஜ் இருக்கும் கையிலும், மற்றொன்று அதே கிளையின் அடுத்த கையிலும் விழும். இரண்டும் சேர்ந்தே சூடாவதால் விகிதம் மாறாது. குவார்ட்டர் பிரிட்ஜ் என்றால் மூன்று ஒயர் இல்லாமல் தொடங்காதீர்கள். ஒரு கட்டடத்தில் இருபது இடங்களில் அழுத்தம் பார்க்கும் வேலைக்கு இதுதான் சரி. இடத்துக்கு ஒரு கேஜ் போதும்.

வளையும் பட்டைக்கு என் ஓட்டு ஹாஃப் பிரிட்ஜுக்கே. மேலே ஒன்று, நேர் கீழே ஒன்று. மேலே நீளும்போது கீழே சுருங்குகிறது. ஒன்றின் தடை கூட, மற்றதன் தடை குறைகிறது. ஒரே கிளையில் அடுத்தடுத்து வைத்தால் இரண்டு விளைவும் சேர்ந்துகொள்ளும். பட்டை சூடானால் இரண்டும் ஒன்றுபோல மாறி, வெளியே எதுவும் தெரியாது. பட்டையை யாராவது நேராக இழுத்தாலும் தெரியாது என்பது கூடுதல் லாபம். ஆனால் இழுவிசையைத்தான் அளக்க வேண்டும் என்றால் இந்த அமைப்பு உதவாது. அப்போது இரண்டாவது கேஜை அதே பரப்பில் குறுக்காக ஒட்ட வேண்டும். இரும்பில் ஒரு கேஜைவிட 1.3 மடங்குதான் கிடைக்கும் என்றாலும் வெப்பம் கழிந்துவிடும்.

தராசு செய்பவர்களுக்கு ஃபுல் பிரிட்ஜ். கடையில் கிடைக்கும் லோட் செல்லுக்குள் இருப்பதும் பெரும்பாலும் இதுவே. நான்கு கைகளும் பட்டையிலேயே இருப்பதால் ஒயரின் சூடு பூஜ்யத்தை அசைப்பதில்லை. மேலே இரண்டு, கீழே இரண்டு என்று ஒட்டி, மேல் கேஜ்கள் இரண்டையும் பிரிட்ஜின் எதிரெதிர்க் கைகளில் இணைக்க வேண்டும். அடுத்தடுத்த கைகளில் இணைத்துவிட்டால் ஒன்றை மற்றொன்று கழித்துவிடும். எவ்வளவு எடை வைத்தாலும் அளவு ஏறாது. ஆம்ப்ளிஃபயர் கெட்டுவிட்டது என்று நினைத்து அதை மாற்றுவதற்கு முன் இணைப்பைப் பாருங்கள்.

எந்த பிரிட்ஜாலும் சரிசெய்ய முடியாதது மோசமான ஒட்டு. எடையை வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். பட்டை சூடாகாமலே அளவு மெல்ல இறங்கிக்கொண்டே போனால், எடையை எடுத்த பிறகும் பூஜ்யத்துக்குத் திரும்பாவிட்டால், பசை நழுவுகிறது. அந்தக் கேஜைச் சுரண்டி எடுத்துவிட்டு, பரப்பை உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, புதிதாக ஒன்றை ஒட்டுவதைத் தவிர வழியில்லை.