விடுப்பு குறைக்கப்பட்டால் எழுதும் மறுமொழி

தங்கவயலில் ஆலைப்பணி செய்யும் ஒருவர், தங்கையின் திருமணத்திற்காக மே 22 முதல் 31 வரை பத்து நாள் விடுப்புக் கோரினார் எனக் கொள்வோம். திருமணமோ 28ஆம் நாள். "மாத இறுதியில் சரக்கு அனுப்பும் பணி மிகுதி, 22 முதல் 26 வரை மட்டும்" என அலுவலகம் பதில் அளிக்கிறது. கிடைத்த ஐந்து நாளும் பயன்படாதவை.

இங்கே முறையிடுவதைவிட, மறுப்புக்குக் கூறிய காரணத்திற்கே விடை எழுதுவது நன்று. அவர் இவ்வாறு எழுதலாம்:

"மாத இறுதிப் பணிச்சுமையை உணர்கிறேன். அளித்த ஐந்து நாள்களுக்கு மாற்றாக, 27, 28, 29 ஆகிய மூன்று நாள்களை மட்டும் வேண்டுகிறேன். 22 முதல் 26 வரை பணிக்கு வந்து, என் பங்குச் சரக்குப் பட்டியலை முடித்துவிடுவேன். அம்மூன்று நாளும் என் ஷிப்டைப் பார்க்கச் சக பணியாளர் ஒருவர் இசைந்து, கீழே கையொப்பமிட்டுள்ளார். 30ஆம் நாள் காலை ஷிப்டுக்கு வருவேன். எஞ்சிய ஏழு நாள்களை ஜூன் மாதத்தில் வழங்க வேண்டுகிறேன்."

இக்கடிதம் இரண்டு நாளை விட்டுக்கொடுத்து, தேவையான நாளைக் கேட்கிறது. அலுவலகத்தின் கவலைக்கும் வழி சொல்கிறது. சக பணியாளரின் இசைவு வாய்மொழியாக மட்டும் இருந்தால், கடிதம் அங்கேயே வலுவிழக்கும்.

இதற்கும் மறுப்பு வந்தால், அதனை எழுத்தில் பெறுதல் வேண்டும். ஆண்டுதோறும் சேர்த்துவைக்கும் ஊதிய விடுப்புக்கு 30 நாள் உச்சவரம்பு விதித்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், முறைப்படி கோரியும் மறுக்கப்பட்ட விடுப்புக்கு அவ்வரம்பை விதிக்கவில்லை. ஆகவே விண்ணப்பம், பதில், மறுமொழி மூன்றின் நகல்களையும் நாம் பேணி வைத்தல் நலம்.