கண் அளக்கும் இடைவெளி

பினாங்கு, ஜார்ஜ்டவுனில் உள்ள லிட்டில் இந்தியா பகுதியில் மலாய், தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் எழுதப்பட்ட பெயர்ப்பலகைகளைக் காணலாம். சில பலகைகளில் ஒரே சொல் நடுவில் உடைந்து இரு சொற்களைப் போலத் தோன்றும். எழுத்துப்பிழை எதுவும் இராது. இரண்டு எழுத்துகளுக்கு இடையே உள்ள வெற்றிடமே அதற்குக் காரணம். ஒரு குறிப்பிட்ட இணை எழுத்துகளின் இடைவெளியை மட்டும் கூட்டியோ குறைத்தோ சரிசெய்வதைக் கெர்னிங் என்பர்.

கணினியிலுள்ள எழுத்துருவில் ஒவ்வோர் எழுத்தின் இருபுறமும் சிறிது இடம் விடப்பட்டிருக்கும். ஆனால், கண் தூரத்தை மட்டும் பார்ப்பதில்லை. இரண்டு எழுத்துகளுக்கு இடையே உள்ள வெற்றிடத்தின் பரப்பைப் பார்க்கிறது. அவ்விடத்தில் அரிசியைக் கொட்டி நிரப்புவதாகக் கற்பனை செய்து பாருங்கள். ஒவ்வோர் இடைவெளியும் ஏறக்குறைய ஒரே அளவு அரிசியைக் கொள்ளுமானால் சொல் சீராகத் தெரியும்.

'ஜார்ஜ்டவுன்' என்னும் சொல்லை ஒரு கடையின் சின்னத்திற்காகத் தடித்த எழுத்தில் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். இதில் இரண்டு இடங்கள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, 'ஜா'வின் காலும் அடுத்துள்ள 'ர்' எழுத்தும். இரண்டும் நேர்க்கோடுகளால் ஆனவை. அருகருகே நிற்கும்போது நெருக்கமாகத் தோன்றும். இரண்டாவது, 'ட'வும் 'வு'வும். 'ட'வின் இடப்பக்கம் நிமிர்ந்த கோடு. வலப்பக்கம் அடிக்கோடு மட்டுமே உண்டு. அந்த அடிக்கோட்டுக்கு மேலே பெரிய வெற்றிடம் இருப்பதால், 'ஜார்ஜ்ட' என்றும் 'வுன்' என்றும் சொல் பிரிந்து தெரிகிறது. ரோமன் எழுத்துகளில் 'எல்' எழுத்தை அடுத்து 'ஏ' வரும்போதும் இதே நிலைதான்.

இதைச் சரிசெய்ய, முதலில் சொல்லைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். சொல்லைப் படிக்க முடியாதபோது கண் வடிவங்களையும் வெற்றிடங்களையும் மட்டுமே காணும். கண்களைச் சற்றுச் சுருக்கிப் பார்த்தால் வெளிச்சமாகத் தெரியும் இடமே மிகையான இடைவெளி. கறுப்பாகத் திரண்டு நிற்கும் இடமே நெருக்கமான இடைவெளி.

அடுத்து, அந்த இணையை நகர்த்த வேண்டும். வடிவமைப்பு மென்பொருள்கள் பலவற்றில் எழுத்தின் அளவை 1000 பங்குகளாகப் பிரித்து இடைவெளியைக் கணக்கிடுவர். 20 பங்கு என்பது 10 மில்லிமீட்டர் எழுத்தில் 0.2 மில்லிமீட்டர் ஆகும். 500 மில்லிமீட்டர் எழுத்தில் அது ஒரு சென்டிமீட்டர் ஆகிவிடும். ஆகவே, பெயர் அட்டையில் கண்ணுக்குப் படாத குறை பெயர்ப்பலகையில் பளிச்செனத் தெரியும்.

'ட', 'வு' இணையில் 20 பங்கு வீதம் குறைத்துக்கொண்டே வருவோம். 60 பங்கு குறைத்த பின்னும் வெற்றிடம் தெரிகிறது. 100 பங்கு குறைத்தால் 'ட'வின் அடிக்கோடு 'வு'வைத் தொட்டுவிடுகிறது. எனவே, 80 பங்கில் நிறுத்துகிறோம். ஆயினும், அந்த இடம் மற்ற இடங்களைவிடச் சற்று அகலமாகவே தெரிகிறது. இங்குதான் பலரும் தவறு செய்வர். மேலும் நெருக்கி, இரண்டு எழுத்துகளையும் ஒட்டவைத்துவிடுவர். இனி அந்த இணையைக் குறைக்க இயலாது என்றால், நெருக்கமான இணைகளை விரிக்க வேண்டும். 'ஜா'வின் காலுக்கும் 'ர்' எழுத்துக்கும் இடையே 20 பங்கு கூட்டினால் இரண்டு இடங்களும் ஒன்றுக்கொன்று நெருங்கி வருகின்றன. ஆனால், 'ஜ'வுக்கும் அதன் காலுக்கும் இடையே உள்ள இடத்தை விரிக்கக்கூடாது. கால் தன் எழுத்தை விட்டு விலகினால் 'ர' போலத் தோன்றிப் படிப்பவரைக் குழப்பும்.

பின்னர், மூன்று மூன்று எழுத்துகளாகச் சரிபார்க்க வேண்டும். மற்ற எழுத்துகளை ஒரு தாளால் மறைத்து, நடு எழுத்து இருபுறமும் சமமான வெற்றிடத்தோடு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வாறு சொல்லின் தொடக்கத்திலிருந்து இறுதிவரை ஓர் எழுத்தாக நகர்ந்து செல்ல வேண்டும்.

இறுதியாக, சின்னத்தைப் பெயர் அட்டையின் அளவில் அச்சிட்டுப் பார்க்க வேண்டும். பெரிதாக இருக்கும்போது பிரிந்து நின்ற எழுத்துகள், சிறிதானதும் மையால் ஒட்டிக்கொள்ளக்கூடும். அப்படி நேர்ந்தால், எல்லா இடைவெளிகளையும் ஒரே அளவில் கூட்டி, சிறிய அளவுக்கென்று தனி வடிவம் ஒன்றை வைத்துக்கொள்வர். இணைகளுக்கிடையே கண்ணால் அமைத்த சமநிலை அதில் மாறாமல் இருக்கும்.