இடமா, வலமா: பொருத்துப் படத்தைப் படிகளாக எழுதுதல்

மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் ஓடாவி செய்த மர அலுமாரிகளோடு, பெட்டியில் துண்டு துண்டாக வந்து வீட்டிலே பொருத்தப்படும் துகள்பலகைத் தளபாடங்களும் இன்று புழங்குகின்றன. மரச்சீவலைப் பசையுடன் அழுத்திச் செய்த இப்பலகை ஈரத்தில் ஊதுவதோடு, ஒருமுறை ஏற்றிய திருகாணியைக் கழற்றி மீண்டும் ஏற்றினால் பிடிமானத்தையும் இழந்துவிடுவதால், படத்தைப் பிழையாக வாசித்ததன் விலையைப் பலகையே கொடுக்கிறது. சொல்லில்லாத அந்தப் படத்தாளைக் கைபேசியில் பிடித்து அனுப்புவோருக்கு அதைப் படிகளாக எழுதிக் கொடுப்பவர், முதலில் எண்களைச் சரிபார்க்க வேண்டும்.

இரண்டு லாச்சிகள் கொண்ட சிறு அலுமாரியொன்றை எடுத்துக்கொண்டால், உதிரிப் பட்டியலில் திருகுமுளை, அதாவது பலகையில் ஏறி நின்று வட்டப் பூட்டுக்குள் தலை சிக்கும் உலோக முளை, எட்டு என்றிருக்கும். படமோ ஒரு பக்கப் பலகையில் நான்கை மட்டுமே காட்டும். மூலையில் சிறிதாக நிற்கும் '2×' என்ற குறி, மற்றப் பலகைக்கும் இதையே செய்க என்பதாகும். ஒவ்வொரு படியிலும் எழுதிய எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகை பட்டியலோடு ஒத்துவராவிடில், ஏதோ ஒரு குறி விடுபட்டிருக்கிறது அல்லது மங்கிய ஒளிப்படத்தில் 3 எட்டாகத் தெரிந்திருக்கிறது.

ஒன்றுபோலத் தோன்றும் உதிரிகளை அவை பயன்படும் படியில் அன்றி, தொடக்கத்திலேயே பிரித்துவைக்கச் சொல்வது நல்லது. 12 மில்லிமீற்றர், 16 மில்லிமீற்றர் திருகாணிகளைப் படத்தில் பிரித்தறிவது அரிது. 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள லாச்சிப் பலகையில் நீளமானதை ஏற்றினால் அதன் முனை மறுபக்கத்தைப் பிளந்து வெளிவரும். ஆகவே அடிக்கோலால் அளந்து இரண்டு கிண்ணங்களில் இடுமாறு எழுத வேண்டும். பக்கப் பலகைகள் இரண்டையும் துளைகள் மேலே தெரியக் கிடத்தி, ஓரப்பட்டை ஒட்டிய முன்விளிம்புகளை அருகருகே சேர்த்தால், துளைகள் கண்ணாடிப் பிம்பம்போல் எதிரெதிராக அமையும். அமையாவிடில் ஒன்று தலைகீழாகக் கிடக்கிறது.

மிகுந்த குழப்பம் தருவன லாச்சி ஓடும் தண்டவாளங்கள். ஒரு லாச்சிக்கு நான்கு உண்டு: அலுமாரிக்கு இரண்டு, லாச்சிக்கு இரண்டு. இடம், வலம் என்பவை முடிந்த அலுமாரியின் முன்னே நிற்பவரின் இடம், வலமே என்று முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனெனில் பொருத்துபவர் லாச்சியைக் கவிழ்த்து வைத்திருக்கும்போது அவை மாறித் தெரியும். தகட்டில் பொறித்த எழுத்து ஒளிப்படத்தில் தெரியாவிட்டாலும், உருளிச் சக்கரம் இருக்கும் முனை அடையாளம் காட்டும்: அலுமாரியில் பூட்டும் தண்டவாளத்தில் சக்கரம் முன்பக்கம் வரும், லாச்சியில் பூட்டுவதில் பின்பக்கம் வரும்.