அயற்சொல் எழுத்துப்பெயர்ப்பில் நாட்டு வேறுபாடுகள்: திரிபும் பிழையும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்திலும் இலங்கையிலும் அயற்சொற்கள் வெவ்வேறு எழுத்துகளால் எழுதப்படுகின்றன. ஒரு நாட்டார் எழுதும் வடிவம் மற்றொரு நாட்டார்க்குப் பிழையாகத் தோன்றுகிறது. றகர, ரகர, டகர எழுத்துகளின் ஆட்சியை எடுத்துக்கொண்டு, ஒரு வடிவத்தை ஏற்கத்தக்க திரிபு என்றோ பிழை என்றோ கொள்வதற்குரிய அளவுகோல்களை இக்கட்டுரை வகுக்க முயல்கிறது. எந்த நாட்டு வடிவம் என்பது முடிவைத் தருவதில்லை. அவ்வடிவத்தின் பின்னால் சொல்லத்தக்க ஒரு விதி உண்டா என்பதே முடிவைத் தருகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: எழுத்துப்பெயர்ப்பு, இலங்கைத் தமிழ், றகரம், திரிபு, பிழை, பதிப்பு

முன்னுரை

ஈழத்து ஆசிரியர் ஒருவரின் நூல் தமிழகத்தில் மறுபதிப்பாகும்போது, ‘மீற்றர்’ என்பது ‘மீட்டர்’ என்றும், ‘பொலிஸ்’ என்பது ‘போலீஸ்’ என்றும் மெய்ப்புத் திருத்துவோரால் மாற்றப்படுவதுண்டு. ஆய்வேடுகளை மதிப்பிடுவோரும் இத்தகைய வடிவங்களைச் சிவப்பு மையால் சுழித்துவிடுகின்றனர். மாற்றுபவர் பிழையைத் திருத்துவதாகவே எண்ணுகிறார். ஆனால் மூலநூலின் சொல்வடிவம் மறைந்துவிடுகிறது. அதனை நம்பி மேற்கோள் காட்டும் அடுத்த ஆய்வாளர், ஆசிரியர் எழுதாத ஒன்றை அவர் எழுதியதாகக் காட்டுகிறார். எனவே எது திரிபு, எது பிழை என்னும் வினா நடை விருப்பத்தோடு முடிவதன்று. அது சான்றின் நம்பகத்தன்மையைச் சார்ந்தது.

றகரத்தின் ஒலியும் ‘மீற்றர்’ என்னும் வடிவமும்

ஆங்கில மொழியின் வல்லொலியாகிய ‘t’ பிறக்குமிடம் மேற்பல்லின் பின்னுள்ள ஈறு. தமிழ் டகரமோ அதனினும் பின்னே, நாநுனி வளைந்து அண்ணத்தைத் தொடுவதால் பிறக்கிறது. ஆகவே அவ்வொலிக்கு டகரம் முற்றும் பொருந்திய எழுத்து அன்று. அண்மையிலுள்ள எழுத்து மட்டுமே.

தொல்காப்பியம் பிறப்பியலில் றகர னகரங்களை ஓரிடத்து ஒலிகளாக இணைத்து, நாநுனி மேனோக்கி அண்ணத்தை ஒற்றுதலால் பிறப்பன என்று கூறுகிறது. ரகர ழகரங்களுக்கோ ‘வருடுதல்’ என்னும் வேறு வினையைச் சொல்கிறது. ஒற்றுதல், வருடுதல் என்னும் இவ்வேறுபாடு கருதத்தக்கது. றகரம் வல்லினத்துள் வைக்கப்பட்டமைக்கு இதுவே காரணம். பழந்தமிழில் அது ஒரு தடையொலி. தமிழகத்தில் இன்று ‘வெற்றி’ என்பதன் றகர இரட்டிப்பைப் பெரும்பாலோர் டகரச் சாயலும் ரகரச் சாயலும் அடுத்தடுத்து வர ஒலிக்கின்றனர். யாழ்ப்பாண வழக்கில் அவ்விரட்டிப்பு ஈற்றில் பிறக்கும் நீண்ட தடையொலியாகவே நிற்கிறது. மலையாளமும் இவ்வொலியைக் காத்துள்ளது. அம்மொழியிலும் ‘மீற்றர்’ என்பதற்கு நிகரான றகர இரட்டிப்பாலேயே இச்சொல் எழுதப்படுகிறது.

இவ்வாறு நோக்கின், ‘மீற்றர்’ என்று எழுதும் இலங்கையர் தம் வாயில் உள்ள ஒலிக்குத் தம் எழுத்துகளுள் மிகப் பொருந்தியதைத் தேர்ந்துள்ளனர். ‘மீட்டர்’ என்று எழுதும் தமிழகத்தாரும் அவ்வாறே செய்துள்ளனர். அவர் ஒலிப்பில் றகர இரட்டிப்பு தூய தடையொலியாக இல்லை. எழுத்து ஒன்றே, அதனை ஒலிக்கும் முறை இரண்டு. தமிழக வாசகர்க்கு ‘மீற்றர்’ பிழையாகத் தோன்றுவது, அவர் அதனைத் தம் ஒலிப்பு முறையால் படிப்பதனாலேயாகும்.

‘ரொறன்ரோ’: ஒரு வடிவத்தின் பகுப்பு

கனடாவின் பெருநகர் ஒன்றின் பெயரை, அங்கு வாழும் ஈழத்தமிழர் ‘ரொறன்ரோ’ என எழுதுகின்றனர். தமிழகத்தில் ‘டொரொண்டோ’, ‘டொராண்டோ’ என்னும் வடிவங்கள் வழங்குகின்றன. முன்னதைப் படிக்கும் தமிழக வாசகர், ரகரமும் றகரமும் முறையின்றி மாறி வந்துள்ளதாகக் கருதக்கூடும். பகுத்துப் பார்த்தால் முறை தெரிகிறது.

சொல்லின் முதலில் றகர இரட்டிப்பை எழுத இயலாது. தனி றகரமோ இன்று ஆடொலியாகவே படிக்கப்படும். எனவே மொழிமுதல் ‘t’ ஒலிக்கு ரகரம் குறியாக வைக்கப்படுகிறது: ‘ரொ’. ரகரம் இவ்வாறு பயன்பட்டுவிட்டமையால், ஆங்கிலத்தின் ‘r’ ஒலிக்கு றகரம் வருகிறது: ‘ற’. ‘றப்பர்’, ‘றேடியோ’ என்னும் வடிவங்களும் இம்முறையின. ‘nt’ என்னும் மெய்ம்மயக்கத்திற்கு ‘ன்ர’ வருகிறது: ‘ன்ரோ’. இங்கு மெல்லொலி னகரமே, ணகரம் அன்று. பின்வரும் வல்லொலி பிறக்கும் இடத்திலேயே னகரமும் பிறப்பதால் இத்தேர்வு ஒலியியலுக்குப் பொருந்துகிறது. தமிழ்ச்சொற்களுக்குள் னகர ஒற்றின்பின் ரகரம் வருவதில்லை. ஆதலின் ‘ன்ர’ என்னும் சேர்க்கை, இஃது அயற்சொல் என்பதைக் கண்ணுக்கும் உணர்த்திவிடுகிறது.

இம்முறையால் பெறும் பயன் ஒன்று உண்டு. ‘d’ ஒலிக்கு டகரம் ஒதுக்கப்படுவதால், ‘டென்மார்க்’ என்பதன் முதலொலியும் ‘ரொறன்ரோ’ என்பதன் முதலொலியும் எழுத்தில் வேறுபடுகின்றன. தமிழக முறையில் இரண்டும் டகரமே. இழப்பும் உண்டு. மொழிமுதல் ரகரம் ‘ரயர்’ என்பதில் ஓர் ஒலிக்கும், ‘ரயில்’ என்பதில் வேறோர் ஒலிக்கும் நிற்கிறது. சொல்லை முன்னரே அறியாதவர் மயங்குவர். மொழிமுதல் ரகரம் ஒலியொப்புமையால் நிற்பதன்று, வழக்கால் நிற்கும் குறி என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழக வடிவத்திலும் இழப்பு உண்டு. ‘ண்டோ’ என்பதில் மெல்லினத்தை அடுத்த டகரம் இயல்பாகவே மென்மையுற்று ஒலிப்பதால், மூலத்தின் வல்லொலி மறைகிறது. இரு முறைகளும் ஒன்றைக் காத்து ஒன்றை இழக்கின்றன.

மரபிலக்கணத்தை நடுவராக்க இயலுமா?

றகரமும் ரகரமும் மொழிமுதலாகா என்று கூறி ‘றப்பர்’, ‘ரொறன்ரோ’ என்பவற்றை மறுப்பவர் உளர். அவ்விதி மெய்யே. ஆனால் டகரமும் மொழிமுதல் எழுத்தன்று. ‘டிக்கெட்’ என்பதும் அதே விதியை மீறுகிறது. ‘ரிக்கற்’ றகர மெய்யில் முடிவது குற்றமெனின், ‘டிக்கெட்’ டகர மெய்யில் முடிவதும் குற்றமே. வல்லின மெய் எதுவும் தமிழில் மொழியீறாவதில்லை. ஆகவே இவ்விதியைக் கொண்டு இரண்டையும் விலக்கலாம். ஒன்றை மட்டும் விலக்குதல் கூடாது.

மரபுக்கு மிக அணுகிச் சென்ற முயற்சியை இலங்கை அறிவியற் பாடநூல்களில் காணலாம். ‘ஒட்சிசன்’, ‘ஐதரசன்’, ‘காபனீரொட்சைட்டு’ என்பன அங்கு வழங்கும் வடிவங்கள். தமிழகத்தில் ‘ஆக்சிஜன்’, ‘ஹைட்ரஜன்’, ‘கார்பன் டை ஆக்சைடு’ என வழங்குகின்றன. ‘ஒட்சிசன்’ என்பதன் ‘ட்ச’ தற்செயலானதன்று. வடசொற்களிலுள்ள ‘க்ஷ’ தமிழில் ‘ட்ச’ ஆகும் என்பது பழைய வழக்கு. பரீட்சை, இலட்சம் என்பன அவ்வாறு வந்தவை. அம்மரபையே ஆங்கிலச் சொல்லுக்கும் நீட்டித்து, கிரந்த எழுத்தை விலக்கி, வல்லின ஈற்றுக்கு உகரம் சேர்த்துள்ளனர். இதனைப் பிழை என்போர், ‘பரீட்சை’ என்பதையும் பிழை எனல் வேண்டும்.

எப்போது பிழை?

மேற்கூறியவற்றால் எல்லா வடிவமும் ஏற்கத்தக்கது என்று ஆகாது. மூன்று நிலைகளில் பிழை உறுதியாகிறது.

முதலாவது, ஒரு முறைக்குள் நின்றுகொண்டே அம்முறையை மீறுதல். ஒரே கட்டுரையில் ‘ரொறன்ரோ’ என்றும் ‘டொறன்டோ’ என்றும் எழுதுபவர் இரு முறைகளையும் கலக்கிறார். ‘டொறன்டோ’ என்பதில் முதலெழுத்து தமிழக முறையினது. றகரமோ இலங்கை முறையினது. ‘ன்டோ’ என்பது இரண்டிலும் அடங்காதது. இதற்கு விதி கூற இயலாது. எனினும் இலங்கை வழக்கும் முழுதும் ஒருசீரானதன்று. ‘டொக்டர்’ என்னும் நிலைபெற்ற வடிவத்தில் ‘t’ ஒலிக்கு டகரமே வருகிறது. நெடுங்கால அச்சு வழக்குடைய இத்தகைய சொற்களை விலக்காகக் கொள்ளுதல் தகும்.

இரண்டாவது, தமிழ்ச்சொல்லின் புணர்ச்சியைச் சிதைத்தல். ‘சுவற்றில்’ என்னும் வடிவம் தமிழகத்தில் பெருவழக்கு. கிணறு, வயிறு போன்ற ‘று’ ஈற்றுச் சொற்களே ‘கிணற்றில்’, ‘வயிற்றில்’ என இரட்டிக்கும். ‘சுவர்’ ரகர மெய்யீற்றுச் சொல். அது ‘சுவரில்’ என்றே ஆகும். பயில்வார் மிகுதி ஒன்றே ஒரு வடிவத்தைத் திரிபாக உயர்த்திவிடாது என்பதற்கு இது சான்று.

மூன்றாவது, பொருள் வேறுபாட்டைக் குலைத்தல். அரம், அறம் என்பவற்றில் எழுத்து மாறினால் சொல்லே மாறிவிடும். இங்கு நாட்டு வேறுபாட்டுக்கு இடமில்லை.

இம்மூன்றின் எல்லையில் நிற்பது ‘கறுப்பு’, ‘கருப்பு’ என்னும் இணை. இலங்கையில் ‘கறுப்பு’ பெருவழக்கு. தமிழகத்தில் இரண்டும் வழங்குகின்றன. தொல்காப்பிய உரியியல் ‘கறுப்பு’ என்பதை வெகுளிப்பொருளில் சொல்லி, நிறத்தையும் அது உணர்த்தும் என்கிறது. ‘கறுத்தது’ என்னும் வினையும் இதற்குத் துணை. மறுபக்கம், ‘கருமை’, ‘கருமுகில்’ என்பவற்றின் அடியாகிய ‘கரு’ என்பதிலிருந்து ‘கருப்பு’ என்பதற்கு விளக்கம் கூறலாம். நிறப்பொருளில் றகர வடிவத்திற்கே பழைய சான்று வலிது; எனினும் ரகர வடிவம் அடிச்சொல்லால் விளக்கத்தக்கது. எனவே முன்னதைச் சிறந்த வடிவமாகவும், பின்னதைப் பிழையென்று தள்ளாத திரிபாகவும் கொள்ளலாம்.

சொற்றேர்வில் நேரும் இடர்

எழுத்தை மாற்றினால் ஒலி மாறும். சொல்லை மாற்றினால் பொருளே மாறலாம். ‘கதிரை’ என்பதை ‘நாற்காலி’ ஆக்கினால், போர்த்துக்கீசியர் வழிவந்த சொல் ஒன்றின் தடம் மறையும், பொருள் மாறாது. ‘கதைத்தல்’ என்பதோ அத்தகையதன்று. யாழ்ப்பாண வழக்கில் உரையாடுதல் ‘கதைத்தல்’ எனப்படும். ‘பேசுதல்’ பெரும்பாலும் ஏசுதலைக் குறிக்கும். ஈழத்துச் சிறுகதை ஒன்றில் ‘அப்பா என்னோடு கதைத்தார்’ என்றும், பின்னர் ‘அப்பா என்னைப் பேசினார்’ என்றும் வருவதாகக் கொள்வோம். முதல் வாக்கியத்தை ‘பேசினார்’ எனத் திருத்தும் பதிப்பாசிரியர், அன்பான உரையாடலுக்கும் கடிந்துரைக்கும் இடையே ஆசிரியர் வைத்த வேறுபாட்டை அழித்துவிடுகிறார்.

முடிவுரை

ஐயத்துக்குரிய வடிவம் ஒன்றைத் திருத்துமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். அதனை எழுதுவோரின் ஒலிப்பில் அதற்கு விளக்கம் உண்டா? அதே விதி அவர் எழுதும் பிற சொற்களிலும் செல்கிறதா? தமிழ்ச்சொல்லாயின், பகுதியும் புணர்ச்சியும் சிதையாதிருக்கின்றனவா? இவற்றுக்கு ஆம் என விடை கிடைப்பின் அது திரிபு. அதனைத் திருத்துதலே பிழையாகும். மேற்கோள்களில் மூலவடிவம் மாறாது நிற்றல் வேண்டும். நூலடைவுகளிலும் சொல்லடைவுகளிலும் ‘ரொறன்ரோ’ என்னும் தலைப்பின்கீழ் ‘டொரொண்டோ காண்க’ என்றும், மறுதலையாகவும் குறித்தல் தகும். அதனால் ஒரு நாட்டு ஆய்வாளர் மற்றொரு நாட்டு நூலைத் தேடும்போது, எழுத்து வேறுபாடு ஒன்றினாலேயே அது கிடைக்காமற் போகும் நிலை நீங்கும்.