டேப் சுற்றினால் தீராது: செம்பும் ஜி.ஐ.யும் சேரும் இடத்து ஒழுக்கு

புனேயில் மொட்டை மாடிதோறும் சோலார் வாட்டர் ஹீட்டர் இருக்கும். தகட்டுக்குள் ஓடுவது செம்புக் குழாய். அதை வீட்டோடு இணைப்பது பல வீடுகளில் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப். கோத்ரூடில் என் அக்கா வீட்டில் இந்த இரண்டும் சேரும் இடத்தில் இரண்டு வருஷத்தில் மூன்று நிப்பிள் மாற்றிவிட்டார்கள். வந்த பிளம்பர் ஒவ்வொரு முறையும் டெஃப்லான் டேப்பை நாலு சுற்று கூடுதலாகச் சுற்றி, "ஆத்தா லீக் ஹோணார் நாஹி", இனி ஒழுகாது என்று மராத்தியில் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மழைக்காலத்துக்குள் மறுபடி சொட்டும்.

செம்பும் துத்தநாகமும் ஒன்றையொன்று தொட்டு, இரண்டையும் தண்ணீரும் தொட்டால் அது ஒரு பேட்டரி. துத்தநாகம் கரையும், அது தீர்ந்ததும் உள்ளே இருக்கும் இரும்பு கரையும். மரை வெட்டும்போது பூச்சும் போய்விடுகிறது, பைப்பின் கனமும் குறைகிறது. அதனால் முதலில் ஓட்டை விழுவது மரையில்தான்.

1. நோயை உறுதி செய்யுங்கள். கழற்றிய நிப்பிளை நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். செம்புப் பக்கத்து முனை மட்டும் அரித்து, மறுமுனை நன்றாக இருந்தால் இந்தக் கோளாறுதான். வெளியே வெள்ளைப் பொருக்கும் அதன்மேல் துருக்கறையும் தெரியும். பைப் முழுக்க ஒரே மாதிரி துருப்பிடித்திருந்தால் அது வயதான பைப்; மொத்தமாக மாற்றுங்கள்.

2. வெயிலுக்கு முன் ஆரம்பியுங்கள். தகட்டின் மேல் சாக்கைப் போர்த்தி, வால்வை மூடி, தண்ணீரை வடித்துவிடுங்கள். பகல் வெயிலில் கழற்றினால் கை வெந்துவிடும்.

3. இரண்டு உலோகத்தையும் பிரியுங்கள். எல்லோரும் சறுக்குவது இங்கேதான். டேப் தண்ணீரைத்தான் அடைக்கும், மின்சாரத்தை அல்ல. முறுக்கும்போது மரையின் முனை டேப்பைக் கிழித்துக்கொண்டு எதிர்மரையைத் தொட்டுவிடும். சணலும் வெள்ளை லெட்டும் போட்டாலும் இதே கதைதான். நடுவில் பித்தளை நிப்பிள் போட்டால் அரிப்பு மெதுவாகும், நிற்காது. பித்தளையிலும் பாதிக்கு மேல் செம்புதானே.

இதற்கென்று ரப்பர் வாஷரும் பிளாஸ்டிக் உறையும் வைத்த மின்காப்பு யூனியன் உண்டு. என் விருப்பம் அதைவிட எளிது: குளிர்ந்த தண்ணீர் உள்ளே வரும் பைப்பில் ஒரு அடி நீளத்துக்கு சி.பி.வி.சி. போட்டுவிடுவேன். மெல்லிய வாஷரைவிட ஒரு அடி இடைவெளி நல்ல தடை. வெயில் படுவதால் மேலே பெயின்ட் அடித்துவிடுங்கள். ஆனால் தகட்டிலிருந்து டாங்குக்குச் சூடாக ஏறும் பைப்பில் சி.பி.வி.சி. வேண்டாம், தண்ணீர் ஓடாமல் நின்றால் அங்கே சூடு அது தாங்கும் அளவைத் தாண்டிவிடும்.

பைப் காலியாக, உலர்ந்திருக்கும்போதே மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, இரு பக்க உலோகத்தையும் தொடுங்கள். சத்தம் வரக்கூடாது. அக்கா வீட்டில் பிளாஸ்டிக் போட்ட பிறகும் பீப் வந்தது. அரை மணி நேரம் தேடிய பிறகுதான் பிடிபட்டது: ஜி.ஐ. பைப்பும் செம்புப் பைப்பும் ஒரே இரும்பு ஸ்டாண்டில் கிளாம்ப் போட்டு நின்றன. மின்சாரம் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஜி.ஐ. கிளாம்புக்குள் வைத்ததும் சத்தம் நின்றது.

ஹீட்டரில் மின்சார காயில் இருந்தால் அதற்குத் தனி எர்த் வயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பைப்பையே எர்த்தாக நம்பியிருந்த வீட்டில் நடுவே பிளாஸ்டிக் போட்டால் உயிருக்கே ஆபத்து.

4. தண்ணீர் போகும் திசையைப் பாருங்கள். உலோகத்தைப் பிரித்தாலும் செம்பைத் தொட்டு வரும் தண்ணீர் கொஞ்சம் செம்பைக் கரைத்து எடுத்துவரும். அந்தச் செம்பு ஜி.ஐ. பைப்பின் உள்சுவரில் படிந்து, படிந்த இடத்திலெல்லாம் ஒரு குட்டிப் பேட்டரி உண்டாகும். எனவே ஜி.ஐ. முன்னால், செம்பு பின்னால். இதைத் திருப்பக் கூடாது. தகட்டுக்கும் டாங்குக்கும் நடுவே தண்ணீர் சுற்றிச் சுற்றி வருவதால் அங்கே முன்பின் என்பதே கிடையாது. அந்தச் சுற்றில் ஜி.ஐ. ஒரு துண்டுகூட இருக்க வேண்டாம்.

அக்கா வீட்டில் சுற்றில் இருந்த இரண்டு நிப்பிளையும் ஒரு எல்போவையும் எடுத்துவிட்டுச் செம்பே போட்டோம். டாங்கிலிருந்து குளியலறைக்கு இறங்கும் ஜி.ஐ. பைப்பைக் கழற்றி சி.பி.வி.சி. போட்டோம். கீழிருந்து வரும் குளிர்தண்ணீர் பைப் மட்டும் ஜி.ஐ.யாகவே இருக்கிறது, அந்த ஒரு அடிப் பிளாஸ்டிக்குக்கு இந்தப் பக்கம்.

5. ஆறு மாதம் கழித்து விரலால் தடவிப் பாருங்கள். மரையில் வெள்ளைப் பொருக்கு ஒட்டினால் எங்கோ இன்னும் உலோகம் தொடுகிறது. மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு முதலில் கிளாம்புகளைப் பாருங்கள்.